வாய்மொழி உயில் எப்போது செல்லும்: கடலில் இருப்பவர், போர்முனையில் இருப்பவர், மரணப்படுக்கையில் இருப்பவர்

மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது: சாகப்போகிறவர் நான்கு பேர் முன்னிலையில் சொன்ன சொல்லே உயில், அதற்கு மேல் காகிதம் எதற்கு என்பது. குடும்பத்துக்குள் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. நீதிமன்றத்தில் பெரும்பாலும் இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, மரணப்படுக்கை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் எந்தச் சலுகையும் தரவில்லை. எழுதாமல், சாட்சிக் கையொப்பம் இல்லாமல் உயில் செய்யும் உரிமையை அது மூன்று வகையினருக்கு மட்டுமே தருகிறது: போர் நடவடிக்கையில் இருக்கும் படைவீரர், அதே நிலையில் இருக்கும் விமானப்படை வீரர், கடலில் இருக்கும் மாலுமி. இவர்கள் செய்வதே சிறப்புரிமை உயில். அதன் விதிகள் 65, 66 ஆகிய இரண்டு பிரிவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த மூவரில் மும்பைத் தமிழருக்கு மிக நெருக்கமானவர் மாலுமிதான். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே வீடு வாங்கிக் குடும்பத்தை வைத்துவிட்டு, வருடத்தில் பாதிக்கு மேல் சரக்குக் கப்பலில் கழிப்பவர்கள் பலர். ஆகவே இந்த வழிகாட்டி மாலுமியை மையமாக வைத்தே செல்கிறது. படைவீரருக்கும் இதே விதிகள்தான். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதல் படி: எந்த மதத்தவருக்கு எந்த விதி

பலரும் கடைசியில் கேட்கும் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், ஏனெனில் மற்றவை எல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன.

இறந்தவர் கிறிஸ்தவராகவோ பார்சியாகவோ இருந்தால், 65, 66 பிரிவுகள் அவருக்கு முழுமையாகப் பொருந்தும்.

இஸ்லாமியருக்கு இந்தச் சட்டத்தின் உயில் பகுதியே பொருந்தாது என்று 58-ஆம் பிரிவு சொல்கிறது. அவர்களுடைய தனிநபர் சட்டத்தில் வசிய்யத் எனப்படும் உயில் வாய்மொழியாகவே செல்லும். அதற்கு மாலுமியாகவோ வீரராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆனால் பிற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல், கடன்களும் அடக்கச் செலவும் போக மிஞ்சும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலாகத் தர முடியாது. சுன்னி பிரிவினரில், ஏற்கெனவே வாரிசாக இருப்பவருக்கு உயில் வழியாகக் கூடுதலாகத் தருவதற்கும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

சிக்கல் இருப்பது இந்துக்களின் விஷயத்தில். சட்டத்தின் 57-ஆம் பிரிவும் மூன்றாம் அட்டவணையும் சேர்ந்து, உயில் பற்றிய எந்தெந்தப் பிரிவுகள் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவருக்குப் பொருந்தும் என்று பட்டியலிடுகின்றன. 1927 ஜனவரி 1 முதல் இவர்கள் எழுதும் எல்லா உயில்களுக்கும் அந்தப் பட்டியல் பொருந்தும். அதில் 63, 64 இருக்கின்றன, 68 இருக்கிறது. 65-உம் 66-உம் இல்லை. அதாவது சிறப்புரிமை உயிலுக்கான விதிகள் இந்துவுக்கு நீட்டிக்கப்படவே இல்லை. சாதாரண உயிலை எப்படிச் செய்ய வேண்டும் என்று கூறும் 63-ஆம் பிரிவோ, ‘போரில் இருக்கும் வீரரோ கடலில் இருக்கும் மாலுமியோ அல்லாத ஒவ்வொருவரும்’ என்றுதான் தொடங்குகிறது. ஆகவே கடலில் இருக்கும் இந்து மாலுமியை 63 தன் வாசகத்தாலேயே வெளியே விட்டுவிடுகிறது. 66 அவரை உள்ளே எடுத்துக்கொள்ளவும் இல்லை. எழுத்து கட்டாயம் என்று சொல்லும் பிரிவு பொருந்தாததால் பழைய இந்துச் சட்டப்படி அவர் வாய்மொழியாகவே உயில் செய்யலாம் என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். சிறப்புரிமையே தரப்படாதவருக்கு அதன் பலன் எப்படிக் கிடைக்கும் என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். இறந்தவரின் வீட்டை அந்த வாதத்தின் மேல் ஏற்றி வைப்பது புத்திசாலித்தனம் அல்ல என்பது என் கருத்து. இந்து மாலுமியும் இந்து வீரரும், சிறப்புரிமை என்ற ஒன்று இல்லை என்றே எண்ணிக்கொண்டு, இரண்டு சாட்சிகளுடன் எழுதி வைப்பதே பாதுகாப்பு. இதை அறியாமல், ‘ராணுவத்தில் இருப்பவர் வாயால் சொன்னாலே போதும்’ என்று பொதுவாக அறிவுரை சொல்பவர்கள் ஏராளம்.

இரண்டாம் படி: அவர் அப்போது அந்த நிலையில் இருந்தாரா

மாலுமி என்ற வேலை மட்டும் போதாது. உயில் சொன்ன நேரத்தில் அவர் கடலில் இருந்திருக்க வேண்டும், பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். யார் மாலுமி என்பதைச் சட்டம் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறது. 65-ஆம் பிரிவு தரும் உதாரணங்களில் ஒன்று, வணிகக் கப்பலில் கணக்கு வழக்கைப் பார்க்கும் பர்சரையும் மாலுமி என்றே கொள்கிறது. அந்த வழியில் பார்த்தால் சமையற்காரரும் இயந்திர அறைப் பணியாளரும் அதில் அடங்குவர்; பயணி அடங்கமாட்டார்.

‘கடலில்’ என்பதற்கும் இதே தாராளம் உண்டு. பயணத்தின் நடுவே கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது தற்காலிகமாகக் கரையில் இறங்கியவர் கடலில் இருப்பவராகவே கருதப்படுவார். மாறாக, கடற்படைக்குத் தலைமை தாங்கும் அட்மிரலாகவே இருந்தாலும், கரையில் குடியிருந்துகொண்டு எப்போதாவது கப்பலில் ஏறுபவர் கடலில் இருப்பவர் அல்லர். பலார்டு எஸ்டேட் அலுவலகத்தில் உட்கார்ந்து கப்பல்களை நிர்வகிக்கும் முன்னாள் கேப்டனுக்கும் இதே பதில்தான்.

படைவீரருக்கு அளவுகோல், படைநடவடிக்கையில் ஈடுபடுத்தப்பட்டிருப்பது அல்லது உண்மையான போரில் இருப்பது. கொலாபா ராணுவக் குடியிருப்பில் அமைதிக்காலப் பணியில் இருப்பவருக்கு இது கிடைக்காது. ஆனால் போர் என்று முறையாக அறிவிக்கப்பட வேண்டிய தேவையில்லை. கிளர்ச்சியாளர்களுக்கு எதிராகக் களத்தில் இருப்பவர் போரில் இருப்பவரே என்று சட்டத்தின் உதாரணமே கூறுகிறது. படைப்பிரிவோடு செல்லும் மருத்துவ அதிகாரியும் இதில் சேர்வார். இங்கிலாந்தில் இதற்கு நெருக்கமான ஒரு வழக்கு உண்டு: 1978-இல் வட அயர்லாந்தில் ரோந்துப் பணியில் சுடப்பட்ட ஒரு வீரர், தான் பிழைக்காவிட்டால் தன் உடைமைகள் தன்னுடைய வருங்கால மனைவிக்குச் சேர வேண்டும் என்று இரண்டு அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு மறுநாள் இறந்தார். அறிவிக்கப்பட்ட போர் எதுவும் இல்லாதபோதும் அது செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாம் படி: எந்த வடிவில்

சிறப்புரிமை உயில் வாயால் மட்டும்தான் செய்யப்படும் என்பது தவறு. அது எழுத்திலும் இருக்கலாம். உண்மையில் எழுத்தே மேலானது, அதற்கான காரணம் அடுத்த படியில் தெரியும். மாலுமி முழுவதையும் தன் கையாலேயே எழுதினால், கையொப்பமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். வேறொருவர் எழுதி அவர் கையொப்பமிட்டால், சாட்சி வேண்டாம். வேறொருவர் எழுதி, அவர் கையொப்பமிடாமலே இறந்துவிட்டால், அவர் சொல்லித்தான் எழுதப்பட்டது அல்லது அதைத் தன் உயில் என்று அவர் ஒப்புக்கொண்டார் என்று நிரூபித்தால் போதும். பாதியில் நின்றுபோன உயிலும் செல்லும்; ஆனால் அவர் மனம் மாறி நிறுத்தவில்லை, வேறு காரணத்தால்தான் நின்றது என்று நியாயமாகத் தெரிய வேண்டும். உயில் தயாரிக்கச் சொல்லி எழுத்தில் தந்த குறிப்பு, அதன்படி உயில் தயாராகுமுன் அவர் இறந்துவிட்டால், தானே உயிலாகிவிடும்.

முற்றிலும் வாய்மொழியாகச் செய்வதானால், ஒரே நிபந்தனை: தன் விருப்பத்தை, ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அறிவிக்க வேண்டும். நடைமுறையில் வாய்மொழி உயில்கள் உடைந்துபோவது இந்த ‘ஒரே நேரத்தில்’ என்ற இடத்தில்தான். காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் அதே சொற்களைச் சொன்னாலும் அது உயில் ஆகாது.

கைப்பேசியில் அனுப்பும் குரல் செய்திக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் இங்கே இடம் உண்டா என்று கேட்பவர்கள் அதிகம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் வரம்பிலிருந்து உயிலைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே மின்னணு ஆவணமாக ஓர் உயில் நிற்காது. சொன்னது உண்மை என்று காட்டும் துணைச் சான்றாக அந்தச் செய்தி உதவலாம், அவ்வளவே.

ஒரு நிகழ்வை வைத்துப் பார்ப்போம்

தூத்துக்குடியைச் சேர்ந்த, திருமணமாகாத ஒரு கிறிஸ்தவர் சரக்குக் கப்பலில் மேல்தளப் பணியாளர்களுக்குத் தலைவரான போசனாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரும் தங்கையும் செம்பூரில் இருக்கிறார்கள். நெருலில் அவர் பெயரில் ஒரு வீடும், வங்கியில் சேமிப்பும் உண்டு. உயில் இல்லாமல் அவர் இறந்தால், 42-ஆம் பிரிவின்படி எல்லாமே உயிரோடிருக்கும் தந்தைக்குப் போகும். தாய்க்கும் தங்கைக்கும் அப்போது எதுவும் இல்லை. அவருடைய விருப்பமோ வேறு.

நடுக்கடலில் சரக்கு அறைக்குள் விழுந்து பலத்த காயமடைகிறார். அவரைப் படுக்க வைத்திருக்கும் அறையில் முதன்மை அதிகாரியும் சமையற்காரரும் இருக்கிறார்கள். “நெருல் வீடு தங்கச்சிக்குத்தான். பேங்க்ல கெடக்குறது அப்பாவுக்கு. நீங்க ரெண்டு பேரும் சாட்சி” என்கிறார். மூன்றாம் நாள் கப்பலிலேயே இறந்துவிடுகிறார்.

இது செல்லுமா? கிறிஸ்தவர், மாலுமி, கடலில் இருந்தார், சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், எந்தச் சொத்து யாருக்கு என்பது தெளிவு. செல்லும். ஆனால் நுணுக்கமான ஓர் இடம் இருக்கிறது. முதன்மை அதிகாரி தமிழ் தெரியாத உத்தரப் பிரதேசத்துக்காரர் என்று வைத்துக்கொண்டால், அவர் அறையில் இருந்தார் என்பது உண்மை, என்ன சொல்லப்பட்டது என்பதற்கு அவர் சாட்சி சொல்ல முடியாது. ‘தங்கச்சி, பேங்க் என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்தன’ என்று அவர் கூண்டில் சொன்னால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும். இருவருக்கும் புரியும் மொழியில் ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய்வது, சமையற்காரர் அந்த இடத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னொன்று: ‘வீட்டைப் பார்த்துக்குங்க, தங்கச்சிய விட்டுடாதீங்க’ என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால், அது கவலையைத் தெரிவித்த சொல், சொத்தை ஒருவருக்குத் தரும் அறிவிப்பு அல்ல. மனம் நெகிழும்போது மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்பதால், அருகில் இருப்பவர் ‘எது, யாருக்கு’ என்று மெதுவாகக் கேட்டுத் தெளிவுபடுத்துவது தவறில்லை. பதிலை அவர் வாயில் திணிக்கத்தான் கூடாது.

நான்காம் படி: ஒரு மாதக் கெடு

அதே போசன் பிழைத்துக்கொண்டார் என்று மாற்றிப் பார்ப்போம். கப்பல் துறைமுகத்தை அடைகிறது. மார்ச் 10 அன்று அவர் கப்பல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, அதாவது சைன்-ஆஃப் ஆகி, மும்பைக்கு அனுப்பப்பட்டு, மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். ஏப்ரல் 25 அன்று இறக்கிறார். தங்கை அந்த இரண்டு சாட்சிகளையும் தேடிப் பிடித்து அழைத்து வந்தாலும் பயனில்லை. சிறப்புரிமை உயில் செய்யும் தகுதியை ஒருவர் உயிரோடிருக்கும்போதே இழந்தால், அதிலிருந்து ஒரு மாதம் முடிந்ததும் அவருடைய வாய்மொழி உயில் செல்லாததாகிவிடும். இங்கே அந்தக் கெடு ஏப்ரல் 10-ஐ ஒட்டியே முடிந்துவிட்டது. எல்லாம் தந்தைக்கே.

இந்தக் கெடு வாய்மொழி உயிலுக்கு மட்டுமே. அதே சொற்களை அவர் கப்பலில் ஒரு துண்டுக் காகிதத்தில் தன் கையால் எழுதியிருந்தால், அந்தக் காகிதம் ஒரு மாதத்தில் காலாவதி ஆகியிருக்காது. எழுத்தே மேலானது என்று முன்பு சொன்னதன் காரணம் இதுதான்.

தகுதி எந்த நாளில் முடிந்தது என்பதே சில சமயம் சண்டைக்குரியதாகும். கப்பல் துறைமுகத்தில் நிற்க, அவர் கரையிலுள்ள மருத்துவமனையில் இருந்தால் அவர் இன்னும் கடலில் இருப்பவர் என்று வாதிடலாம். அவரை விட்டுவிட்டுக் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டால் அந்த வாதம் வலுவிழக்கும். குடும்பத்தினர் எப்போதும் மிக முந்திய தேதியிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். அவர் வீடு திரும்பிய வாரத்திலேயே சாதாரண உயில் ஒன்றை எழுதி வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

ஐந்தாம் படி: நிரூபிப்பது

வாய்மொழி உயிலை நம்பி வருபவர், சொல்லப்பட்ட சொற்களையும், நேரத்தையும் இடத்தையும் சூழலையும் மிகத் துல்லியமாகக் கூறி நிரூபிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சிக்கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1867-இலேயே வலியுறுத்தியது. இன்றும் அதுதான் அளவுகோல். ஆகவே சாட்சிகள் இருவரும் அன்றைக்கே, தனித்தனியாக, கேட்ட சொற்களை அதே மொழியில் எழுதித் தேதியும் நேரமும் இட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கேப்டனிடம் சொல்லிக் கப்பலின் பதிவேட்டில் ஒரு வரியாவது ஏற்றச் செய்ய வேண்டும். இந்தக் குறிப்புகள் உயில் ஆகா. ஆனால் இரண்டு வருடம் கழித்து, வேறு வேறு கப்பல்களில் ஏறிவிட்ட இரண்டு சாட்சிகள் ஒரே சொற்களைச் சொல்ல இவையே உதவும். சாட்சிகளின் நிரந்தர முகவரியையும் கைப்பேசி எண்ணையும் குடும்பம் உடனே வாங்கி வைக்க வேண்டும். கப்பல் பணியாளர்கள் கலைந்துபோகும் வேகம் வேறெந்த வேலையிலும் கிடையாது.

இந்தியக் கிறிஸ்தவர்கள் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிவிட்டது. ஆனால் வாய்மொழி உயிலைக் கொண்டுபோனால் வீட்டுவசதிச் சங்கமோ வங்கியோ எந்தக் காகிதத்தைப் பார்த்துப் பெயரை மாற்றும்? நடைமுறையில் நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். உயிலில் நிறைவேற்றுநர் என்று யாரையும் நியமிக்காததால், தங்கை கேட்க வேண்டியது உயில் இணைத்த நிர்வாக உரிமை ஆணை, அதாவது உயிலின்படி சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம். செம்பூரில் வாழ்ந்தவருக்காக அதைப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். வாரிசான தந்தைக்கு அறிவிப்பு போகும். அவர் ஆட்சேபம் தெரிவித்தால் மனு உரிமையியல் வழக்கைப் போலவே நடக்கும், சாட்சிகள் கூண்டேற வேண்டிவரும்.

வீரரும் அல்லாத, மாலுமியும் அல்லாத ஒருவர் படுக்கையில் இருந்தால்

இங்கே முதலில் களைய வேண்டியது மரண வாக்குமூலம் பற்றிய குழப்பம். மரண வாக்குமூலம் என்பது ஒருவர் தன் சாவுக்கான காரணத்தைப் பற்றிச் சொல்வது; அது சான்றுச் சட்டத்தின் விஷயம். அதே மூச்சில் வீட்டை யாருக்குத் தருவது என்று சொன்னாலும், அந்தப் பகுதி உயில் ஆகாது.

ஆனால் சாதாரண உயிலுக்குத் தேவைப்படுவது மிகக் குறைவு. அரை மணி நேரத்தில் மருத்துவமனைக் கட்டில் அருகிலேயே முடித்துவிடலாம். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. அவருக்குப் புரியும் மொழியில், எது யாருக்கு என்று எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். அவர் கையொப்பமிடலாம், முடியாவிட்டால் பெருவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் அவர் சொல்லி, அவர் கண்ணெதிரே இன்னொருவர் அவருக்காகக் கையொப்பமிடலாம். பிறகு இரண்டு சாட்சிகள், அவர் கையொப்பமிட்டதைப் பார்த்தோ, அது தன்னுடையது என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தங்கள் கையொப்பத்தை இட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை என்பது இங்கே ஒரு விசித்திரமான தலைகீழ்: வாய்மொழி உயிலில் அது கட்டாயம், எழுத்துயிலில் இல்லை.

சாட்சிகளில் ஒருவர் சிகிச்சை தரும் மருத்துவராக இருந்தால் நல்லது. நோயாளி தெளிவான நினைவோடு இருந்தார் என்று அவர் நேரத்தோடு எழுதித் தருவது, பின்னால் வரும் முதல் ஆட்சேபத்தைத் தடுக்கும். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்கக் கூடாது. கிறிஸ்தவர், பார்சி உயிலில், சாட்சிக்கோ சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாததாகிவிடும். இந்துக்களுக்கு அந்த 67-ஆம் பிரிவு பொருந்தாது என்றாலும், நீதிபதியின் சந்தேகம் பொருந்தும். பதிவு செய்ய விரும்பினால், தகுந்த காரணம் காட்டி, சார்பதிவாளரை நோயாளி இருக்கும் இடத்துக்கே வரக் கேட்கலாம்.

எதை உயிலால் தர முடியாது

எவ்வளவு சரியாகச் செய்த உயிலும் எட்டாத பணம் ஒன்று உண்டு. வீரரின் குடும்ப ஓய்வூதியம் அவருடைய சொத்து அல்ல; விதிகளின்படி அது மனைவிக்கோ பிற தகுதியாளருக்கோ நேரடியாகச் சேர்வது. விமானப்படை அதிகாரி ஒருவரின் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் தொடர்பான ஜோத் சிங் வழக்கில், அதை உயிலால் வேறொருவருக்கு மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் கூறிவிட்டது. மாலுமியின் மரணத்துக்காகக் கப்பல் நிறுவனம் தரும் இழப்பீட்டுக்கும், பணம் யாருக்கு என்று பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதைத் தனியே பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கில் எழுதப்பட்ட நியமனதாரர் கதை இதற்கு எதிர்மாறு: அவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவர் மட்டுமே, உரிமையாளர் அல்லர். ஆகவே போசனின் வங்கிக் கணக்கில் தங்கை நியமனதாரராக இருந்தாலும், அவர் கப்பலில் சொன்ன சொல் நிரூபிக்கப்பட்டால் அந்தப் பணம் தந்தைக்கே சேர வேண்டும்.